அண்டி ஆபீஸுக்கு ஆடிட் கடிதம்: என்ன கேட்பது, எதை விடுவது

"நாகர்கோவிலில் இனிப்பு, காரம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். கருங்கல் பக்கத்தில் உள்ள அண்டி ஆபீஸ் ஒன்றிலிருந்து, அதாவது முந்திரி ஆலையிலிருந்து, பன்னிரண்டு வருடமாகப் பருப்பு வாங்குகிறோம். போன மாதம் வந்த லோடில், பிரிக்காத மூன்று பைகளுக்குள்ளேயே பூச்சி இருந்தது. 'நேரில் போய் ஆடிட் பண்ணிவிட்டு வா, முதலில் லெட்டர் போடு' என்கிறார் எங்கள் எம்.டி. ஆலை முதலாளி அவருக்கு அப்பா காலத்துப் பழக்கம். எனக்குக் கிடைத்த ஒரு மாதிரிக் கடிதத்தில் நாற்பது ஆவணங்கள் கேட்டிருக்கிறது. அதை அப்படியே அனுப்பலாமா? அவர் மனம் நோகாமல், அதே நேரம் காரியமும் நடக்கிற மாதிரி எப்படி எழுதுவது, சார்?"
— வாசகி, நாகர்கோவில்

அனுப்ப வேண்டாம். நாற்பது ஆவணம் கேட்டுக் கடிதம் போனால், ஆலையில் கணக்கு எழுதுகிறவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நாற்பதையும் எழுதி வைத்துவிடுவார். நீங்கள் போகும்போது மேசை நிறைய ஃபைல் இருக்கும், பூச்சி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒரு கடிதம் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் ஈரப்பதம் எழுதும் நோட்டு பளிச்சென்று இருந்தது. ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் 4.2 சதவீதம். ஆலை லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமைகளிலும் 4.2. பருப்பின் தோல் உரிக்கும் பீலிங் அறையில் நிஜமாகவே புழங்குகிற நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து ஓரமெல்லாம் கை பட்டு மங்கியிருக்கும், மடிப்பில் பருப்புத் தோலின் சிவப்புத் தூள் உட்கார்ந்திருக்கும், ஒரு நாள் 4.6, இன்னொரு நாள் 5.3 என்று எழுதி அடித்துத் திருத்தியிருக்கும். அந்த நோட்டுதான் நமக்கு வேண்டும். நான் எழுதிய கடிதம் அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டுப் புது நோட்டை வெளியே கொண்டுவந்தது. அதனால் உங்கள் கடிதத்தின் முதல் வேலை, இருக்கிற நோட்டை இருக்கிறபடியே வெளியே வரவைப்பது.

அதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது.

அந்த மூன்று பைகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பாருங்கள். காற்றை உறிஞ்சி மூடிய பை செங்கல் மாதிரி விறைப்பாக இருக்கும். தொளதொளவென்று இருந்தால் எங்கோ கசிவு. ஆலை சீல் போட்ட பக்கத்தைத் தொடாமல் வேறு பக்கம் வெட்டிக் காலி செய்த பையில் ஊதிக் காற்றடைத்து வாயை முறுக்கிப் பிடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், எந்த மூலையில் குமிழி வருகிறது என்பது தெரிந்துவிடும். சீல் போட்ட இடத்தில் வந்தால் பேச்சு ஆலையின் சீலிங் மெஷினைப் பற்றியது. பையின் நடுவில் ஊசித்துளை என்றால் லாரியில் ஏற்றி இறக்கியபோதோ உங்கள் குடோனில் அடுக்கியபோதோ குத்தியிருக்கலாம். கடிதத்தில் எழுதப்போகிற விஷயமே இதைப் பொறுத்து மாறும்.

அடுத்தது உங்கள் குடோன். மாவு வண்டு முட்டையிலிருந்து வண்டாக நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். சரக்கு வந்து மூன்று, நான்கு வாரம் கழித்து வளர்ந்த வண்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால், கசிந்த பைக்குள் அது உங்கள் இடத்திலும் நுழைந்திருக்க வாய்ப்பு உண்டு. பக்கத்தில் கடலை மாவு, மைதா மூட்டை அடுக்கியிருக்கிறீர்களா, அதில் வண்டு இருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததை எழுதி வையுங்கள். ஆலை முதலாளி முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். அதற்குப் பதிலோடு போனால் அவர் உங்களை மதிப்பார்.

இனி ஆடிட்டின் எல்லை. மாதிரிக் கடிதங்களில் 'தங்கள் தர மேலாண்மை முறை முழுவதும் ஆய்வு செய்யப்படும்' என்று ஒரு வரி இருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அந்த வரி சந்தேகமாகத்தான் ஒலிக்கும். ஒரே நாளில் முழுவதையும் பார்க்கவும் முடியாது. பூச்சி எங்கே நுழைய முடியும் என்று யோசித்தால் எல்லை தானாக அமையும்.

கொட்டையை ஆவியில் வேகவைத்து, உடைத்து, பருப்பைப் போர்மா என்ற உலர்த்தும் சூட்டறையில் அடுக்கும் வரைக்கும் நமக்குக் கவலை குறைவு. போர்மாவில் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும் பருப்பில் வண்டோ முட்டையோ பிழைக்காது. அதனால் போர்மாக் கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி. ஆறவைப்பது, பீலிங், தரம் பிரிக்கும் கிரேடிங், கிரேடு வாரியாகச் சேர்த்து வைப்பது, பூச்சியைக் கொல்ல வாயு போடும் ஃப்யூமிகேஷன், பேக்கிங், குடோன், லாரி. இந்த வரிசையில் எல்லோரும் பீலிங் அறையில் தலைத்தொப்பியும் நகமும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பூச்சிக்குப் பிடித்த இடம் அது அல்ல. சேர்த்து வைக்கும் இடம்தான்.

டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. நீங்கள் வாங்கும் ஒரு டன் ஒரே நாளில் கிரேடாகி வராது. தினமும் நூறு, நூற்றைம்பது கிலோவாகச் சேர்ந்து, ஆர்டர் அளவு ஆனதும்தான் பேக்கிங் நடக்கும். அதுவரை பருப்பு டப்பாவிலோ தொட்டியிலோ காத்துக் கிடக்கும். சின்ன அளவில் கிடைக்கும் பெரிய பருப்பு வாரக்கணக்காகக் காத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. 4 சதவீத ஈரப்பதத்தில் போர்மாவை விட்டு வந்த பருப்பு, மூடி சரியில்லாத டப்பாவில் நான்கு நாள் கிடந்தால் 5 சதவீத வரம்பைத் தாண்டிவிடும், வண்டுக்கும் இடம் கொடுக்கும். எந்த டப்பாவில் எந்தத் தேதிப் பருப்பு என்று சீட்டு ஒட்டியிருக்கிறதா, பழையது முதலில் போகிறதா, நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்றையதைக் கொட்டுகிறார்களா என்பதைப் பார்க்கத்தான் நீங்கள் போகிறீர்கள்.

இன்னொன்று. பீலிங் எல்லா ஆலையிலும் மதிலுக்குள் மட்டும் நடப்பதில்லை. வேலை அதிகமானால் கிளைக்கோ, சில சமயம் வீடுகளுக்கோ போகும். கடிதத்தில் ஆலை முகவரியை மட்டும் எழுதினால் அந்த இடங்கள் எல்லைக்கு வெளியே போய்விடும். 'எங்கள் லாட்டின் எந்த வேலையாவது வேறு இடத்தில் நடந்திருந்தால் அந்த இடமும் எல்லையில் சேரும், முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று ஒரு வரி அவசியம். இதைக் குற்றம் சாட்டும் தொனியில் எழுத வேண்டாம். வெளியே கொடுப்பதே தப்பு என்று இல்லை. நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

எதைப் பார்க்கமாட்டோம் என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். கொட்டை எந்த நாட்டிலிருந்து என்ன விலைக்கு வந்தது, வேறு யாருக்கெல்லாம் விற்கிறார், கூலி எவ்வளவு. இவற்றுக்குத்தான் முதலாளிமார் உள்ளுக்குள் பயப்படுவார்கள். அந்தப் பயம் போய்விட்டால் மற்ற கதவுகள் எளிதாகத் திறக்கும். பில்லில் விலையை மறைத்துக் காட்டினால் போதும் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புக்கு நேரடியான ஆபத்து கண்ணில் பட்டால், அது எல்லைக்கு வெளியே இருந்தாலும் அன்றே சொல்லுவோம் என்ற வரியும் இருக்க வேண்டும். உடைப்புப் பகுதியின் தோட்டு எண்ணெய் பட்ட கையோடு ஒருவர் கிரேடிங் மேசைக்கு வந்தால் நீங்கள் பார்க்காத மாதிரி போக முடியாது.

ஆவணத்துக்கு வருவோம். பொதுவாகக் கேட்காமல், பூச்சி வந்த ஒரே லாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். பையில் அச்சடித்த லாட் எண்ணும் பேக்கிங் தேதியும் உங்களிடம் இருக்கிறது. அந்த லாட்டின் பேக்கிங் பதிவு, அதற்கு முந்தைய நாட்களின் கிரேடிங் பதிவு, ஈரப்பதம் பார்த்த நோட்டு, ஃப்யூமிகேஷன் சீட்டு, அனுப்பிய பில். இந்த ஐந்து காகிதமும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பேசுகிறதா என்பதைக் கூட்டல் கழித்தலில் கண்டுபிடித்துவிடலாம்.

நான் போன வேறொரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். லாட் 44 பெட்டி. பெட்டிக்கு 11.34 கிலோ பை இரண்டு, அதாவது 22.68 கிலோ. மொத்தம் 997.92 கிலோ. கிரேடிங் நோட்டில் முதல் நாள் காலை கையிருப்பு 110 கிலோ. அடுத்த நான்கு நாளில் 148, 152, 139, 151 கிலோ சேர்ந்திருந்தது, கூட்டினால் 590. கையிருப்போடு 700 கிலோ. பேக்கிங் முடிந்த பிறகு மிச்சம் 40 கிலோ என்றும் எழுதியிருந்தார்கள். பேக் செய்ததும் மிச்சமும் சேர்ந்தால் 1,037.92. ஆனால் ஆலைக்குள் வந்ததே 700தான். மீதி 338 கிலோ எங்கிருந்து வந்தது?

நோட்டு எழுதிய பெண் என்னைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். அவசர ஆர்டர், கொட்டை தட்டுப்பாடு, பக்கத்தில் ஒரு சின்ன இடத்திலிருந்து கிரேடான பருப்பை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே போர்மா உண்டா, எத்தனை நாள் சாக்கில் கிடந்தது, யாருக்கும் தெரியாது. நான்கு எண்ணைக் கூட்டியதில் கிடைத்த விடை இது. நாற்பது ஃபைலைப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்காது. உங்கள் ஆலையிலும் இதேதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போடத் தேவையான பக்கங்களைக் கடிதத்திலேயே தேதி போட்டுக் கேளுங்கள்.

ஃப்யூமிகேஷன் சீட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, யார் செய்தது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கடையில் யாரும் வாங்கிப் போடுகிற பொருள் அல்ல. அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனம்தான் கையாள வேண்டும், அவர்களுடைய சான்று இருக்க வேண்டும். இரண்டு, மூடிய நேரமும் திறந்த நேரமும். வாயு போட்டு ஒரே நாளில் தார்ப்பாயைத் திறந்துவிட்டால் வண்டு செத்திருக்கும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பித்திருக்கும். அவை பைக்குள் போய் மூன்று வாரம் கழித்து உங்கள் குடோனில் வண்டாகும். 'ஃப்யூமிகேஷன் செய்தோம்' என்ற ஒரு வரிச் சான்றை மட்டும் கேட்டு வாங்கினால் இது தெரியாது. அதனால் நேரம் எழுதிய சீட்டு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நிலையான ஆவணங்களில் கொஞ்சம் போதும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் (அதில் உள்ள முகவரியும் வேலை நடக்கும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள்), பருப்பு தொடுகிறவர்களின் வருடாந்திர மருத்துவச் சான்று, தராசின் முத்திரைச் சான்று, பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்ஸினுக்கான பரிசோதனை அறிக்கை. கடைசியது பூச்சியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அல்ல. ஆனால் பருப்பு ஈரத்தில் காத்திருந்தது என்று சந்தேகம் வரும்போது பூஞ்சையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நேரடியாகச் சாப்பிடும் கொட்டைப் பருப்புக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அறிக்கை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தினுடையதா, உங்கள் லாட்டோ அதை ஒட்டிய லாட்டோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடப் பழைய அறிக்கையை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பார்கள், அது நம் லாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

நாள் குறிப்பதில் நம் மாவட்டத்துக்காரர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது. மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, ஓணம் இவற்றை ஒட்டிய நாட்களில் ஆள் பாதிதான் வருவார்கள். வாரச் சம்பளம் கொடுக்கும் நாளில் ஆபீசில் யாருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்காது. கொட்டை வராமல் ஆலை மூடிக்கிடக்கும் வாரமும் உண்டு. கிரேடிங்கும் பேக்கிங்கும் ஓடுகிற நாளாக இருக்க வேண்டும், முடிந்தால் உங்கள் அடுத்த ஆர்டர் பேக் ஆகும் நாளாக. மழை நாளானால் இன்னும் நல்லது, கூரையும் மூடியும் அன்றைக்குத்தான் உண்மையைச் சொல்லும். அறிவிப்புக்கும் வருகைக்கும் நடுவே பத்து முதல் பதினான்கு நாள் விடுங்கள். அதற்குக் குறைந்தால் முதலாளி ஊரில் இருக்கமாட்டார், நீட்டினால் சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள்.

கடிதத்துக்கு முன்னால் உங்கள் எம்.டி. ஒரு போன் போட வேண்டும். நீங்கள் அல்ல, அவர். 'அண்ணாச்சி, மூணு பையில பூச்சி வந்திருக்கு. எங்க குடோனையும் பாத்துட்டோம். நம்ம பொண்ணு ஒரு நாள் வந்து அந்த லாட்டோட கணக்க மட்டும் பாக்கட்டும். முறையா ஒரு லெட்டர் வரும்' என்று அவர் வாயால் சொன்ன பிறகு போகிற கடிதம் வேறு, திடீரென்று மின்னஞ்சலில் விழுகிற கடிதம் வேறு.

வாங்கும் ஒப்பந்தத்தில் ஆலையைப் பார்வையிடும் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிடலாம். பழைய பழக்கங்களில் பெரும்பாலும் ஒப்பந்தமே எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது 'வருகிறோம்' என்பதை 'வர அனுமதி வேண்டுகிறோம்' என்று எழுதுவதுதான் சரி. கீழே உள்ள கடிதம் அந்த நிலைக்கு எழுதியது. தேதிகளும் லாட் எண்ணும் பெட்டிக் கணக்கும் கசிவு விவரமும் நான் வைத்தவை, உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நாள்: ஜூன் 24

பொருள்: லாட் எண் 117, டபிள்யூ 320 முந்திரிப் பருப்பு தொடர்பாக ஜூலை 8 அன்று ஆலையில் தர ஆய்வு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நிர்வாக இயக்குநர் தங்களிடம் தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறோம்.

மே 21 அன்று தாங்கள் அனுப்பிய லாட் எண் 117-இல் (44 பெட்டி, பேக்கிங் தேதி மே 18) மூன்று பைகளில் ஜூன் 15 அன்று பூச்சி காணப்பட்டது. பூச்சியைப் பார்த்தபோது பைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. மூன்றில் இரண்டில் சீல் பகுதியில் கசிவு உள்ளது. படங்களை இணைத்துள்ளோம். பைகளை எங்களிடம் பத்திரமாக வைத்திருக்கிறோம், வரும்போது கொண்டுவருவோம். எங்கள் குடோனைச் சோதித்த குறிப்பும் இணைப்பில் உள்ளது.

காரணத்தைத் தங்களோடு சேர்ந்து கண்டறிய, ஜூலை 8, புதன்கிழமை காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை எங்கள் தரப்பில் இருவர் ஆலைக்கு வர அனுமதி வேண்டுகிறோம். அன்று கிரேடிங்கும் பேக்கிங்கும் நடைபெறும் என்று எண்ணுகிறோம். இல்லையென்றால் நடைபெறும் வேறு நாளைத் தெரிவிக்கவும்.

ஆய்வின் எல்லை: போர்மாவிலிருந்து பருப்பு வெளியே வருவது முதல் லாரியில் ஏற்றுவது வரை. பீலிங், கிரேடிங், கிரேடு வாரியாகச் சேர்த்து வைப்பது, ஃப்யூமிகேஷன், பேக்கிங், குடோன் ஆகியவை இதில் அடங்கும். லாட் 117-இன் எந்த வேலையாவது வேறு இடத்தில் நடந்திருந்தாலோ, வெளியிலிருந்து பருப்பு வாங்கிச் சேர்க்கப்பட்டிருந்தாலோ, அந்த இடமும் எல்லையில் சேரும். அதை முன்கூட்டியே தெரிவித்தால் நேரம் ஒதுக்க உதவியாக இருக்கும். கொட்டை கொள்முதல் விலை, மற்ற வாடிக்கையாளர் விவரம், கூலிக் கணக்கு ஆகியவை எல்லையில் இல்லை. பில்களில் விலையை மறைத்துக் காட்டலாம். உணவுப் பாதுகாப்புக்கு நேரடி ஆபத்தான எதுவும் கண்ணில் பட்டால் மட்டும், எல்லைக்கு வெளியே இருந்தாலும் அன்றே தெரிவிப்போம்.

எடுத்து வைக்க வேண்டியவை, லாட் 117-க்காக: மே 13 முதல் 18 வரையான கிரேடிங் பதிவும் ஈரப்பதப் பதிவும், மே 13 காலை மற்றும் மே 18 மாலை டபிள்யூ 320 கையிருப்பு, மே 18 பேக்கிங் பதிவு, மூடிய நேரமும் திறந்த நேரமும் உள்ள ஃப்யூமிகேஷன் சீட்டு, அனுப்பிய பில். பொதுவாக: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், பணியாளர் மருத்துவச் சான்று, தராசு முத்திரைச் சான்று, கடைசி அஃப்ளாடாக்ஸின் அறிக்கை, பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அனுமதிச் சான்று.

தினமும் எழுதும் அசல் நோட்டுகளே போதும். பிரதி எடுக்கவோ புதிதாக எழுதவோ வேண்டாம். ஏதேனும் ஒன்று பராமரிக்கப்படவில்லை என்றால் 'இல்லை' என்று தெரிவித்தால் போதுமானது.

கிரேடிங் மேற்பார்வையாளரும் பேக்கிங், குடோன் பொறுப்பாளர்களும் அன்று பணியில் இருக்க வேண்டுகிறோம். பணியாளர்கள் சிலரிடம் அவரவர் வேலையைப் பற்றிப் பேசுவோம். தங்கள் அனுமதியின்றிப் படம் எடுக்கமாட்டோம். பேக் செய்த சரக்கிலிருந்து அரை கிலோ மாதிரி இரண்டு எடுத்து, ஒன்றைச் சீல் வைத்துத் தங்களிடமே கொடுப்போம். மதிய உணவை நாங்களே கொண்டுவருகிறோம். மாலை 3.30 மணிக்குப் பார்த்ததைத் தங்களிடம் நேரில் சொல்லிவிட்டே கிளம்புவோம். எழுத்து அறிக்கை ஏழு நாளில் வரும்.

நாள் ஒத்துவருமா என்பதை ஜூன் 29-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

கடிதம் இவ்வளவுதான், இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இதில் ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது என்றால் அது 'இல்லை என்று தெரிவித்தால் போதுமானது' என்பது. பல ஆலைகளில் கையிருப்பைத் தினமும் எழுதும் பழக்கம் இல்லை. அதை மறைக்க எழுதப்படும் பொய் நோட்டைவிட, 'இல்லை' என்ற பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும். அறிக்கையில் அதைக் குறையாக எழுதி, இன்ன தேதியிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடலாம்.

மதிய உணவு வரியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஆலையில் மீன் குழம்போடு விருந்து வைத்துவிட்டால், மாலையில் அவர் முகத்தைப் பார்த்து 'மீதிப் பருப்பு எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வாய் வராது. டீயும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள், அதை மறுத்தால்தான் மனம் நோகும்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். 'புதன் வேண்டாம், வெள்ளி வாருங்கள், அன்றைக்குத்தான் பேக்கிங்' என்று வந்தால் நல்லது, உடனே ஒத்துக்கொள்ளுங்கள். நாளைத் தள்ளாமல் எல்லையைச் சுருக்கக் கேட்டால், 'குடோன் மட்டும் வேண்டாம், பெயிண்ட் வேலை' என்கிற மாதிரி, எம்.டி. மறுபடி ஒரு போன் போட வேண்டும். இரண்டாவது முறையும் தள்ளிப்போட்டால், அடுத்த லோடை இறக்கும்போதே பெட்டிக்குப் பெட்டி பை அமுக்கிப் பார்க்க ஆள் போடுங்கள். மெத்தென்று இருக்கிற பையைத் தனியே எடுத்து வைத்து, அதை இரண்டு நாளில் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

போகும் நாளில் லாட் எண்ணும் அந்த லாட்டின் மொத்த எடையும் உங்கள் நோட்டின் முதல் வரியில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் ஆபீசில் உட்காராமல் முதலில் குடோனுக்குப் போங்கள், அங்கிருந்து பருப்பு வந்த வழியே போர்மா வரை பின்னோக்கி நடங்கள். காகிதம் மதியத்துக்கு மேல். கிரேடிங் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'அக்கா, நேத்து மிச்சம் இருந்தது எங்க வெச்சிருக்கீங்க?' என்று கேட்டு, அவர் கை காட்டும் டப்பாவின் மூடியை நீங்களே திறந்து பாருங்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன தேதி என்று எழுதிக்கொண்டு, அதே தேதிப் பக்கத்தைத்தான் மதியம் முதலில் புரட்ட வேண்டும்.